கடையை மூடும்போது சரக்கை என்ன விலைக்குத் தள்ளுவது? ரெடிமேட், ஜவுளிக் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடையை மூடப் போறேன். லாட் வியாபாரி அடக்க விலையில் 40 சதவீதம் தரேங்கிறார். மொத்தமா கொடுத்துடவா, நானே வித்துப் பார்க்கவா?

பெரும்பாலான சின்ன ஊர் ஜவுளிக் கடைகளுக்கு இரண்டும் வேண்டும்: முதலில் கொஞ்ச காலம் நீங்களே விற்க வேண்டும், அப்புறம் மிச்சத்தை லாட்டுக்குத் தள்ள வேண்டும். பணம் கரைவது எந்த நாளில் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறுவது என்பதில்தான். முதல் நாளே 40 சதவீதத்துக்கு வாரிக் கொடுத்தவரும் நட்டப்பட்டிருப்பார், "அடக்கத்துக்குக் கீழே தர மாட்டேன்" என்று எட்டு மாதம் ஷட்டரைத் திறந்து வைத்திருந்தவரும் நட்டப்பட்டிருப்பார், ஆனால் இரண்டாமவரின் நட்டம்தான் பொதுவாகப் பெரியது. அது வாடகையிலும் சம்பளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் அவர் கண்ணுக்கே தெரிவதில்லை.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். அடக்க விலையில் 10 லட்சம் ரூபாய் சரக்கு. சாதாரண நாளில் அதை 15 லட்சத்துக்கு விற்கும் கடை. மாதச் செலவு: வாடகை 20,000, இரண்டு பேர் சம்பளம் 26,000, கரண்ட், கவர், டீச் செலவெல்லாம் 6,000, வங்கிக் கடன் வட்டி 6,000. இதோடு முதலாளியின் உழைப்புக்கு 20,000. ஆக 78,000. கடைசி வரியைப் பலர் போடுவதில்லை. நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்கும் மாதத்தில் வேறு வேலை பார்க்க முடியாது என்பதால் அதுவும் செலவுதான். இந்த எண்களுக்குப் பதிலாக உங்கள் கடையின் எண்களைப் போட்டுக்கொண்டே கீழே படியுங்கள். எல்லாத் தொகையும் ஜி.எஸ்.டி நீக்கியது.

எந்த மாதத்தோட நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?

"லாட்டுக்குக் கொடுத்தால் 4 லட்சம், சில்லறையில் விற்றால் 10 லட்சத்துக்கு மேல்" என்று மொத்தத்தை மொத்தத்தோடு ஒப்பிடாதீர்கள். சில்லறையில் அந்த 10 லட்சம் முழுசாக வந்து சேராது. மாதம் மாதமாகப் பாருங்கள். ஒவ்வொரு மாத முடிவிலும் ஒரே கேள்விதான்: இன்று லாட்டுக்குக் கொடுத்தால் இதுவரை வந்ததோடு சேர்த்துக் கையில் எவ்வளவு?

நமது கடையில் தொடக்கத்தில் மொத்தமாகக் கொடுத்தால் 4 லட்சம்.

முதல் மாதம் கூட்டம் வரும். அடக்கத்தில் 3 லட்சம் சரக்கு 3.30 லட்சத்துக்குப் போகிறது என்று வையுங்கள். செலவு 78,000 போக 2.52 லட்சம் கையில். மிச்சம் 7 லட்சம் சரக்கு. இதற்கு லாட்காரர் இனி 40 தர மாட்டார், நல்லது பாதி போய்விட்டதே, 30 சதவீதம் என்பார். அது 2.10 லட்சம். இரண்டும் சேர்த்து 4.62 லட்சம். ஆக முதல் மாதம் காத்திருந்ததில் 62,000 லாபம்.

இரண்டாம் மாதம் அடக்கத்தில் 2.20 லட்சம் சரக்கு 1.98 லட்சத்துக்குப் போகிறது. அடக்கத்துக்குக் கீழேதான், ஆனால் செலவு போக 1.20 லட்சம் மிஞ்சுகிறது. மிச்சம் 4.80 லட்சம் சரக்கு, லாட் விலை 25 சதவீதம், அதாவது 1.20 லட்சம். மொத்தம் 2.52 + 1.20 + 1.20, ஆக 4.92 லட்சம். இன்னும் ஏறியிருக்கிறது.

மூன்றாம் மாதத்தைக் கவனமாகப் பாருங்கள். 1.20 லட்சம் சரக்கு 78,000 ரூபாய்க்குப் போகிறது. செலவும் 78,000. "லாபமும் இல்லை நட்டமும் இல்லை, இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்" என்று சொல்வது இந்த மாதத்தில்தான். ஆனால் மிச்சமிருக்கும் 3.60 லட்சம் சரக்கை இப்போது லாட்காரர் 20 சதவீதத்துக்குத்தான் கேட்பார், அது 72,000. போன மாத முடிவில் குவியலுக்கு 1.20 லட்சம் கிடைத்திருக்கும். இடையில் 48,000 போயிருக்கிறது, அது கல்லாவிலும் தெரியாது, பில் புத்தகத்திலும் தெரியாது. மொத்தம் 4.92 லட்சத்திலிருந்து 4.44 லட்சத்துக்கு இறங்கிவிட்டது.

ஆகவே இந்தக் கடை இரண்டாம் மாத முடிவில் நிறுத்த வேண்டும். இதை வார அளவுகோலாகவும் மாற்றிக்கொள்ளலாம். மாதச் செலவு 78,000, லாட் மதிப்பில் இறக்கம் 48,000, இரண்டும் சேர்ந்து 1.26 லட்சம். வாரத்துக்கு ஏறக்குறைய 30,000. தொடர்ந்து இரண்டு வாரம் விற்பனை இதற்குக் கீழே வந்தால் லாட்காரருக்குப் போன் செய்துவிடுங்கள். ஒரு வாரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், மழை பெய்தாலே ஒரு வாரம் படுத்துவிடும்.

லாட் விலை 40, 30, 25ன்னு இறங்கும்ங்கிறீங்க. அது எனக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்?

கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சேல் தொடங்குவதற்கு முன்பே இரண்டு மூன்று லாட் வியாபாரிகளை வரச் சொல்லுங்கள். மொத்தச் சரக்குக்கு ஒரு விலை கேளுங்கள். அப்புறம் பழைய டிசைன், சைஸ் உடைந்தது, நீண்ட நாள் ரேக்கில் கிடந்தது இவற்றை மட்டும் தனியாகக் காட்டி, "இது மட்டும் இருந்தால் என்ன தருவீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டாவது விலைதான் கடைசியில் நீங்கள் போய் நிற்கப்போகும் இடம். மொத்தத்துக்கு 40, கழிவுக்கு 20 என்றால் நடுவில் இறங்கும் படிகளை நீங்களே ஓரளவு போட்டுக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் இடைவெளி சின்னதாக இருந்தால், உதாரணத்துக்கு 40க்கு 35 என்றால், காத்திருப்பதில் ஆபத்து குறைவு. இடைவெளி பெரிதென்றால் உங்கள் நல்ல சரக்குதான் மொத்த லாட்டையும் தூக்கிப் பிடித்திருக்கிறது, அதை விற்கும் ஒவ்வொரு நாளும் மிச்சத்தின் மதிப்பு இறங்குகிறது.

சொந்தக் கட்டடம், வாடகையே கிடையாது. மெதுவா விக்கலாம்ல?

அந்த இடத்தை வேறொருவருக்கு விட்டால் வரும் வாடகை உங்கள் செலவுதான். சரி, கட்டடத்தை வாடகைக்கு விடும் எண்ணமே இல்லை என்றாலும் கணக்கைப் பாருங்கள். வாடகை 20,000ஐ எடுத்துவிட்டால் மூன்றாம் மாதம் கையில் 20,000 மிஞ்சும், லாட் மதிப்பில் 48,000 இறங்கும், அப்போதும் 28,000 நட்டம். ஆள் சம்பளமும் இல்லாமல் வீட்டு ஆட்களே நின்று விற்று, அவர்கள் உழைப்புக்குக் கணக்கே போடாவிட்டால்தான் மூன்றாம் மாதம் 18,000 லாபமாகத் தெரியும். மெதுவாக விற்பது கட்டுப்படியாவது வீட்டோடு சேர்ந்த இப்படிப்பட்ட சின்னக் கடைகளுக்கு மட்டும்தான்.

வாடகைக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு. உங்கள் ஒப்பந்தத்தில் காலி செய்ய இரண்டு மாத நோட்டீஸ் என்று இருந்தால் அந்த இரண்டு மாத வாடகை எப்படியும் போகப்போகிறது, இன்றைக்கே லாட்டுக்குக் கொடுத்தாலும் போகும். அதனால் அந்த மாதங்களின் ஒப்பீட்டில் வாடகையைச் சேர்க்கத் தேவையில்லை. சேல் போர்டு மாட்டும் நாளன்றே கட்டட உரிமையாளருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள். "விற்று முடியட்டும், சொல்லலாம்" என்று இருந்தால் காலிக் கடைக்கு வாடகை கட்டுவீர்கள், அட்வான்ஸில் கழித்துக்கொள்வார்கள். கடைப் பையன்களுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தவரை நிறுத்த ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம் தமிழ்நாடு கடைகள் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, அடுத்த வேலை தேட நாள் வேண்டும்.

சேல் போடறதுக்கு முன்னாடி முதல்ல என்ன செய்யணும்?

திருப்பிக் கொடுக்க முடிந்ததைத் திருப்பிக் கொடுங்கள். லாட் விலை 40 சதவீதம், சப்ளையர் திருப்பி எடுத்தால் அது கிட்டத்தட்ட 100 சதவீதம். பனியன், ஜட்டி, பிராண்டு வேட்டி இவற்றின் டிஸ்ட்ரிபியூட்டர்கள் பெட்டி பிரிக்காத சரக்கை, அதிலும் நீங்கள் அவருக்குப் பாக்கி வைத்திருந்தால், எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். பணமாகக் கேட்காமல் பாக்கியில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 80,000 பாக்கி உள்ள இடத்தில் 50,000க்குச் சரக்கு திரும்பினால் அந்த 50,000 முழுசாக உங்களுக்கு வந்தது போலத்தான். கிரெடிட் நோட் வாங்க மறக்காதீர்கள், அந்தச் சரக்குக்கு எடுத்த வரி வரவும் கணக்கில் குறைய வேண்டும்.

இதை போர்டு மாட்டும் முன் முடிக்க வேண்டும். கடை மூடுகிறது என்று தெரிந்த பிறகு சப்ளையர் சரக்கு எடுக்க வர மாட்டார், பாக்கி வசூலிக்கத்தான் வருவார். வாடிக்கையாளர்களிடம் நிற்கும் கடனையும் இதே நாட்களில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

எல்லாத்துக்கும் ஒரே மாதிரி 50 சதவீதம் தள்ளுபடின்னு போர்டு போட்டா சீக்கிரம் போயிடாதா?

போகும், ஆனால் நல்லது மட்டும் போகும். கைலி, நைட்டி, துண்டு, ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் முதல் மூன்று நாளில் பாதி விலைக்குப் பறந்துவிடும். அதெல்லாம் 10 சதவீதம் குறைத்தாலே போகிற சரக்கு. கடைசியில் உங்களிடம் இருப்பது 36ம் 44ம் மட்டும் மிஞ்சிய சட்டைகளும் யாரும் திரும்பிப் பார்க்காத நிறத்தில் சுடிதாரும்தான்.

சரக்கை மூன்றாகப் பிரியுங்கள். எப்போதும் போவது ஒரு பிரிவு: முதல் மாதம் 10 முதல் 15 சதவீதம், இரண்டாம் மாதம் 20. சட்டை, குர்த்தி, குழந்தைகள் துணி என்று சைஸ் பார்த்து வாங்குவது அடுத்த பிரிவு: 30 சதவீதத்தில் தொடங்கி 45 வரை. மூன்றாவது செத்த சரக்கு. இதற்குத்தான் முதல் நாளிலிருந்தே மிகப் பெரிய தள்ளுபடி போட வேண்டும்.

பலர் தலைகீழாகச் செய்கிறார்கள், செத்த சரக்கைக் கடைசியில் அடித்து விடலாம் என்று கோடவுனில் வைத்திருக்கிறார்கள். ஆனால் கூட்டம் வருவது முதல் இரண்டு வாரம்தான். கைலி எடுக்க வந்தவர் வாசலில் கிடக்கும் 99 ரூபாய்க் குவியலில் கை விட்டுப் பார்த்து இரண்டு எடுத்துப் போவார். மூன்றாம் மாதம் வெறும் 99 ரூபாய்க் குவியலுக்காக யாரும் பஸ் ஏறி வர மாட்டார்கள். நல்ல சரக்கு கடையில் இருக்கும்போதுதான் கெட்ட சரக்கு நகரும்.

செத்த சரக்குக்குச் சதவீதம் போடாதீர்கள், முழு விலையாக எழுதுங்கள்: 99, 199, 299 என்று மூன்று மேசை. டேக்கைப் பார்த்துக் கணக்குப் போடும் வேலை வாடிக்கையாளருக்கும் இல்லை, பில் போடும் பையனுக்கும் இல்லை. மேசையில் போடும் முன் ஒவ்வொரு பீஸையும் விரித்துப் பாருங்கள். நாள்பட்ட வெள்ளைச் சட்டையில் மடிப்பு ஓரமாக மஞ்சள் கோடு விழுந்திருக்கும், ஷோகேஸில் பொம்மைக்குப் போட்டிருந்த சுடிதாரின் தோள் மட்டும் வெளுத்திருக்கும், புடவையை மடித்த இடத்திலேயே சரிகை கறுத்து முறிந்திருக்கும். இவற்றைத் தனியாக வைத்து, பழுது என்று சொல்லியே விற்க வேண்டும். நாளைக்கு அதே ஊரில்தான் நீங்களும் நடமாட வேண்டும்.

அதேபோல டேக்கை மாற்றி விலையை ஏற்றிவிட்டுத் தள்ளுபடி காட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். பத்து வருடமாக உங்களிடம் வாங்குகிறவருக்கு அந்தச் சட்டை போன மாதம் என்ன விலை என்று தெரியும்.

விலை இன்னும் இறங்கும்னு ஜனங்க காத்திருந்தா?

சிலர் காத்திருப்பார்கள். அடுத்த வாரம் இன்னும் குறையும் என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்னால் எல்லாருமே காத்திருப்பார்கள். அதனால் விலைப் படிகளை உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், கடைப் பையன்களிடம்கூடத் தேதி சொல்ல வேண்டாம். போர்டில் கடை மூடும் தேதியை மட்டும் எழுதுங்கள், அதை மாற்றாதீர்கள். மூன்று முறை தேதி தள்ளிய கடையை யாரும் நம்புவதில்லை.

வாரா வாரம் ஒட்டுமொத்தமாகக் குறைப்பதற்குப் பதில் அசையாத பிரிவை மட்டும் குறையுங்கள். ஒரு வாரம் முழுக்க ஒரு ரேக்கில் பத்தில் ஒரு பங்குகூடப் போகவில்லையென்றால் அந்த ரேக் அடுத்த படிக்கு இறங்கட்டும். நன்றாகப் போகும் ரேக்கைத் தொடாதீர்கள்.

எந்த சீசன்ல மூடறது நல்லது?

தீபாவளிக்கு ஐந்தாறு வாரம் முன்பு தொடங்க முடிந்தால் அதற்கு இணை எதுவும் இல்லை. சில்லறையிலும் நல்ல விலை, லாட்காரருக்கும் அப்போது சரக்கு வேண்டும், அவர் அதைச் சந்தையிலும் பிளாட்பாரத்திலும் உடனே காசாக்க முடியும். அதாவது மிச்சத்தைத் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே அவரிடம் தள்ளிவிட வேண்டும். தீபாவளி முடிந்த வாரம் ஊரிலிருக்கும் எல்லாக் கடையிலும் மிச்சம் இருக்கும், அவர் போனே எடுக்க மாட்டார். ஆடி மாதம் தொடங்குவதும் பரவாயில்லை, ஆனால் அப்போது பெரிய கடைகள் எல்லாம் தள்ளுபடி போடுவதால் உங்கள் 30 சதவீதம் தனியாகத் தெரியாது.

ஆனால் சீசனுக்காக ஐந்து மாதம் காத்திருப்பது வேறு விஷயம். ஐந்து மாதச் செலவு நமது கடைக்கு 3.90 லட்சம். சாதாரண வியாபாரமே அந்தச் செலவைத் தூக்குகிறது என்றால் மட்டும் காத்திருங்கள்.

லாட் வியாபாரிகிட்ட பேசும்போது எதில் ஏமாறுவோம்?

பொறுக்குவதில். மொத்தமாக எடுப்பதாக 40 சதவீதம் பேசிவிட்டு, லோடு ஏற்றும் அன்று "இது வேண்டாம், இது பழுது" என்று கழித்து, கடைசியில் உங்கள் நல்ல சரக்கை மட்டும் 40க்கு எடுத்துப் போவார்கள். கழித்துப் போட்டதை அதற்குப் பிறகு யாரும் 10க்குக் கூடக் கேட்க மாட்டார்கள். அதனால் "கடையில் உள்ளது உள்ளபடி, கழிவு இல்லை" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அட்வான்ஸ் வாங்குங்கள், ஒரே நாளில் முழுதும் ஏற்ற வேண்டும் என்று சொல்லுங்கள். மூட்டை கட்டும்போது பிரிவுவாரியாகப் பீஸ் எண்ணி இருவரும் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசி மூட்டை வண்டி ஏறும் முன் முழுப் பணமும் வங்கியில் வந்துவிட வேண்டும், செக் வாங்கிக்கொண்டு அனுப்பாதீர்கள். ரொக்கமாகத் தருகிறேன் என்றால், ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போடலாம்.

"கிலோ கணக்கில் எடுக்கிறேன்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளும் முன் பத்துப் பீஸை நீங்களே எடை போட்டு ஒரு பீஸுக்கு என்ன விழுகிறது என்று பாருங்கள். ஜீன்ஸுக்கு அது கட்டுப்படியாகலாம், மெல்லிய நைட்டிக்கும் சிந்தடிக் புடவைக்கும் ஒன்றுமே வராது.

பில் இல்லாம கொடுத்தா 2 சதவீதம் அதிகம் தரேங்கிறார். அடக்கத்துக்குக் கீழே வித்தா ஜி.எஸ்.டி பிரச்சினை வருமா?

அடக்கத்துக்குக் கீழே விற்பதில் பிரச்சினை இல்லை. சம்பந்தமில்லாத ஒருவருக்கு உண்மையாக என்ன விலைக்கு விற்றீர்களோ அந்த விலைக்குத்தான் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை உள்ள ரெடிமேடுக்கு 5 சதவீதம். வாங்கும்போது எடுத்த வரி வரவை, நட்டத்துக்கு விற்றதற்காகத் திருப்ப வேண்டியதில்லை.

பில் இல்லாமல் கொடுப்பதுதான் கழுத்தைப் பிடிக்கும். சரக்கு கடையை விட்டுப் போய்விடும், ஆனால் புத்தகத்தில் அப்படியே நிற்கும். பதிவை ரத்து செய்த பிறகு மூன்று மாதத்துக்குள் GSTR-10 என்ற கடைசி ரிட்டர்ன் போட வேண்டும். அதில் ரத்தாகும் நாளுக்கு முந்தைய நாள் கையிருப்பில் உள்ள சரக்குக்கு, நீங்கள் எடுத்த வரி வரவு அல்லது அந்தச் சரக்குக்கு உரிய விற்பனை வரி, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். அடக்கத்தில் 4.80 லட்சம் சரக்கு புத்தகத்தில் நின்றால் 5 சதவீதத்திலேயே 24,000. லாட்காரர் கூடத் தரும் 2 சதவீதம் 9,600தான். இதோடு "சரக்கு எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் வேறு சொல்ல வேண்டும்.

பில் போட்டு, லோடு மதிப்பு தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில் எடுத்து அனுப்புங்கள். எல்லாச் சரக்கும் போன பிறகு ரத்துக்கு விண்ணப்பியுங்கள், முன்னால் வேண்டாம்.

லாட்டும் போன பிறகு கொஞ்சம் மிஞ்சினா?

ரேக், கண்ணாடி ஷோகேஸ், பொம்மை, ஏ.சி இவற்றுக்குத்தான் இந்தக் கேள்வி முக்கியம். முதல் மாதமே விலை பேசி அட்வான்ஸ் வாங்கிவிடுங்கள், கடைசி நாளில் எடுத்துப் போகட்டும். புதுக் கடை போடுகிறவர்கள் உங்கள் சேலுக்கே வந்து சுற்றிப் பார்ப்பார்கள், பொருள்கள் மீது ஒரு சீட்டு ஒட்டினாலே போதும். காலி செய்யும் வாரத்தில் விற்றால் இரும்புக் கடை விலைதான் கிடைக்கும்.

துணியில் பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மிஞ்சினால் அதற்காக ஒரு நாள்கூடக் கடையைத் திறக்க வேண்டாம். ஆசிரமத்துக்கோ கடைப் பையன்களுக்கோ சும்மா கொடுக்கலாம், ஆனால் இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு எடுத்த வரி வரவைத் திருப்ப வேண்டும். அதற்குப் பீஸ் கணக்கும் வாங்கிய பில் விவரமும் தேவை. அதனால் கொடுக்கும் அன்றே ஒரு தாளில் எழுதி ஆடிட்டரிடம் சேர்த்துவிடுங்கள்.